ராத்திரி 9 மணிக்கு இன்டர்நெட் படுப்பது ஏன்? நோட்டுப் போட்டுப் பிடிக்கலாம்!

காலை 6 மணிக்குப் பறக்கிறது. மத்தியானம் 3 மணிக்கும் குறை சொல்ல முடியாது. ராத்திரி 8 மணி தாண்டியதும் படுத்துவிடுகிறது!

சென்னையில் தெருவுக்குத் தெரு இன்று இதே புலம்பல்தான். மாதம் பிறந்தால் 600, 700 ரூபாய் கட்டுகிறார்கள். "100 மெகாபிட் வேகம்" என்று சொல்லித்தான் கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். ஆனால் குடும்பம் முழுவதும் வீட்டில் இருக்கிற நேரத்தில், படம் நடுவில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டிலிருந்து ராத்திரி ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்குப் பேச்சு பாதியில் அறுந்து போகிறது. மேலதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பெண், கம்பி இழுத்தவர் அல்ல.

புகார் கொடுத்தால் என்ன நடக்கிறது? மறுநாள் காலை 11 மணிக்கு ஒரு பையன் வருகிறான். செல்போனை எடுத்து வேகத்தை அளந்து காட்டுகிறான். 96 காட்டுகிறது!

"பாருங்க அண்ணாச்சி, லைன் நல்லாத்தானே இருக்கு?"

"ராத்திரி வந்து பாரு தம்பி!"

"ராத்திரி எங்க டூட்டி கிடையாது அண்ணாச்சி. கையெழுத்து போடுங்க."

கையெழுத்து விழுந்ததும் புகார் தீர்ந்ததாகக் கணக்கு முடிகிறது. அன்று ராத்திரி மறுபடியும் படுக்கை!

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவன் காட்டிய 96 நிஜம்தான். அவன் வந்த நேரம்தான் தப்பு.

தெருமுனைப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

வீட்டுக்கு வரும் கண்ணாடி நூல் நேராகக் கம்பெனிக்குப் போவதில்லை. தெருவில் ஒரு இடத்தில் பல நூல்கள் ஒன்றாகச் சேர்கின்றன. ஒரு வாயிலில் 32 வீடு அல்லது 64 வீடு என்று சேர்ப்பது வழக்கம். 'ஜி-பான்' என்ற முறையில், இறங்கு திசையில் அந்த வாயில் முழுவதற்கும் சுமார் 2,500 மெகாபிட் இடம் உண்டு. விலை குறைந்த 'இ-பான்' முறையில் சுமார் 1,000 மெகாபிட்தான். அதை அத்தனை வீடும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

நெரிசல் அங்கேதான் வர வேண்டும் என்றும் இல்லை. பல இடங்களில் அதற்கு அடுத்த படிதான் குறுகலாக இருக்கிறது. நாலு வாயில்களையும் சேர்த்து மேலே கொண்டு போகும் ஒரே கம்பி 1,000 மெகாபிட் அளவில் இருந்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வாயிலுக்கு 64 வீடு, நாலு வாயில். மொத்தம் 256 வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் விற்றது 100 மெகாபிட். விற்றதைக் கூட்டினால் 25,600. இருப்பது 1,000. ஒரு பங்கு சரக்கை இருபத்தைந்து பேருக்கு விற்ற கதை!

இது மோசடியா? அப்படி அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. எல்லா வீடும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுப்பதில்லை. மத்தியானம் 3 மணிக்கு 40 வீட்டில் படம் ஓடுகிறது, வீட்டுக்குச் சுமார் 5 மெகாபிட் என்றால், 200தான் செலவு. மீதி 800 சும்மா கிடக்கிறது. அந்த நேரத்தில் யார் அளந்து பார்த்தாலும் 100 முழுசாக வரும். பையன் காட்டிய 96 இதுதான்!

ராத்திரி 9 மணிக்கு அதே தெருவில் 190 வீட்டில் படம் ஓடுகிறது. 190-ஐ 5-ஆல் பெருக்கினால் 950. கம்பி ஏறக்குறைய நிரம்பிவிட்டது. அதற்கு மேல் நாலு பேர் பெரிய கோப்புகளை இறக்க ஆரம்பித்தால், மிச்சமிருக்கும் இடத்துக்கு எல்லாரும் முட்டி மோத வேண்டியதுதான். சாயங்காலம் 6 மணி பஸ் மாதிரி. பஸ்ஸில் பழுது இல்லை, டிரைவர் மேலும் குற்றமில்லை. ஏறுகிற ஆள் அதிகம், பஸ் ஒன்று!

பங்கு போடுவது இந்தத் தொழிலில் பிறந்ததிலிருந்தே உள்ளது. வீட்டு இணைப்புக்கு 50 பங்கு வரை போகலாம் என்று 2009-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வழிகாட்டியது. மேலே பார்த்த தெருவில் இருபத்தைந்து பங்குதான்; அந்தக் கணக்குப்படி பாஸ்! ஆனால் 2009-ல் ஜனங்கள் மெயில் பார்த்தார்கள், ரயில் டிக்கெட் எடுத்தார்கள், மூடிவிட்டார்கள். இன்று ராத்திரி முழுக்க வீட்டுக்கு வீடு படம் ஓடுகிறது. ஆகவே பங்கு எத்தனை என்று சண்டை போட்டுப் பயனில்லை. ராத்திரி 9 மணிக்குக் கம்பி எவ்வளவு நிரம்புகிறது என்பதுதான் கேள்வி. 2006-ல் டிராய் போட்ட தர விதிகளில், நெரிசல் நேரத்தில் இணைப்பு 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு அளவே இருந்தது. அந்த விதிகளுக்குப் பதிலாக 2024-ல் புதியவை வந்துவிட்டன. என்றாலும் 80 என்ற அந்தப் பழைய எண்ணில் நியாயம் இருக்கிறது. அதைத் தாண்டினால் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும்.

முதலில் வீட்டைச் சோதிக்க வேண்டும்

தெருமேல் பழி போடுவதற்கு முன், குற்றம் வீட்டுக்குள் இல்லை என்று காட்ட வேண்டும். இதைச் செய்யாத புகார் ஒரே கேள்வியில் விழுந்துவிடும்: "வைஃபையில பார்த்தீங்களா சார்?"

வைஃபையும் சாயங்காலம்தான் நெரியும்! அடுக்கு வீட்டில் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று எல்லார் பெட்டியும் ஒரே அலைவரிசையில் கூவிக்கொண்டிருக்கும். பகலில் அவர்கள் வேலைக்குப் போய்விடுவதால் சத்தம் குறைவு. ஆகவே வைஃபையில் எடுத்த அளவைக் காட்டினால், சாயங்கால மந்தத்துக்கு வைஃபைதான் காரணம் என்று சொல்லிவிடலாம். அதற்குப் பதில் கிடையாது.

எனவே கம்ப்யூட்டரை ரூட்டரில் ஒயர் போட்டு இணைத்துத்தான் அளக்க வேண்டும். அளக்கிற அந்த ரெண்டு நிமிஷம் வீட்டில் டிவி, செல்போன், கேமரா எல்லாவற்றுக்கும் வைஃபையை அணைத்துவிட வேண்டும். பழைய ரூட்டராக இருந்தால் அதன் துளையே 100-க்கு மேல் விடாது. 94, 95 வரை காட்டும். அது குற்றமில்லை. 200, 300 வேகத்துக்குப் பணம் கட்டிவிட்டு 94-லேயே நிற்கிறது என்றால், ரூட்டரையும் ஒயரையும் பார்க்க வேண்டும், தெருவை அல்ல.

இன்னும் இரண்டு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நூல் மடங்கியோ அழுக்கேறியோ கோளாறு என்றால் மந்தம் காலை, மாலை பார்த்து வராது. எந்த நேரமும் இருக்கும். மாத அளவு தீர்ந்து கம்பெனியே வேகத்தைக் குறைத்திருந்தாலும் நாள் முழுக்கக் குறைவாகவே இருக்கும். பில் தேதி வந்ததும் சரியாகும். சாயங்காலம் விழுந்து, நள்ளிரவில் எழுந்து, காலையில் முழுசாக நிற்பது ஒன்றுதான் கூட்ட நெரிசலின் அடையாளம்.

வேகம் மட்டும் போதாது

வெறும் வேகத்தை அளந்தால் குறைகிறது என்று மட்டும் தெரியும். எங்கே குறைகிறது என்று தெரியாது. அதற்கு 'பிங்' வேண்டும். ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பி, அது போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்டு ஆகிறது என்று பார்ப்பதுதான் பிங். கம்பி நிரம்பினால் பொட்டலம் வரிசையில் நிற்கும். நேரம் கூடும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து முதலில் இதை அடிக்க வேண்டும்:

```
tracert -d 1.1.1.1
```

வழியில் உள்ள ஒவ்வொரு படியும் வரிசையாக வரும். பெரும்பாலும் முதல் வரி வீட்டு ரூட்டர். அடுத்த வரி வீட்டைத் தாண்டியதும் கம்பெனியின் முதல் படி. அந்த வரியில் நட்சத்திரக் குறி மட்டும் வந்தால், பதில் சொல்லும் அடுத்த வரியை எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, மூன்று இடத்துக்கும் 50 தடவை பிங் அடிக்க வேண்டும். கீழே முதல் இரண்டு எண்களும் உதாரணம்தான். அவரவர் திரையில் வந்ததைப் போட வேண்டும்.

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 10.20.0.1
ping -n 50 1.1.1.1
```

வீட்டு ரூட்டருக்கே நேரம் கூடினால் குற்றம் வீட்டுக்குள். ரூட்டர் 1 மில்லி செகண்டில் பதில் சொல்லி, அடுத்த படியில் நேரம் ஏறி, மூன்றாவதிலும் அதே அளவு ஏறினால், வரிசை நிற்பது வீட்டுக்கும் அந்த முதல் படிக்கும் நடுவில். அதாவது தெருப் பங்கில்! முதல் படி சரியாக இருந்து மூன்றாவது மட்டும் ஏறினால், நெரிசல் அதற்கும் மேலே.

ஒரு பொறி இங்கே உண்டு. கம்பெனியின் கருவிகள் சில, தனக்கு வரும் பிங்குக்குச் சாவகாசமாகத்தான் பதில் சொல்லும். பயணிகளை நிற்காமல் அனுப்பிவிட்டு, தன்னிடம் விலாசம் கேட்பவரைக் காக்க வைக்கும் கண்டக்டர் மாதிரி. ஆகவே நடுப்படியில் 90, கடைசிப் படியில் 10 என்று வந்தால் அங்கே நெரிசல் இல்லை. ஏறியது கடைசி வரை தொடர்ந்து வந்தால்தான் அது சாட்சி.

நோட்டுப் போடும் முறை

பெரும்பாலோர் செய்யும் தப்பு ஒன்றுதான். கோபம் வரும்போது மட்டும் அளக்கிறார்கள்! படம் நின்றால் அளப்பது, ஓடினால் சும்மா இருப்பது. அப்படிச் சேர்த்த நூறு அளவும் சாட்சி ஆகாது. நல்லா இருந்த நேரத்தை மறைத்துவிட்டார் என்று எதிராளி சொல்ல இடம் கொடுத்துவிடும்.

நேரத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். காலை 6.30, மத்தியானம் 3, ராத்திரி 9, ராத்திரி 11.30. தினமும் நாலு தடவை, 14 நாள். நல்லா ஓடினாலும் எழுத வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் "எடுக்கவில்லை" என்று எழுத வேண்டும். மறுநாள் ஞாபகத்திலிருந்து நிரப்பக்கூடாது. வேகம் அளக்கும் தளத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரே சர்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; தானாக மாறவிட்டால் ஒப்பிட முடியாது. திரையைப் படம் பிடித்து வைப்பதும் நல்லது. 100 மெகாபிட்டில் ஒரு தடவை அளக்க 150 மெகாபைட் அளவுக்குச் செலவாகும். 56 தடவைக்கு 8, 9 ஜி.பி. ஆகும் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மளிகைக் கடைக்காரர் இப்படி 14 நாள் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். கீழே கடை, மேலே வீடு. நோட்டில் ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கும்:

செவ்வாய், காலை 6.30: வேகம் 94. ரூட்டர் 1, முதல் படி 4, வெளியே 8. தொலைந்தது 0.

மத்தியானம் 3: வேகம் 93. ரூட்டர் 1, முதல் படி 4, வெளியே 9. தொலைந்தது 0.

ராத்திரி 9: வேகம் 18. ரூட்டர் 1, முதல் படி 85, வெளியே 90. 50-ல் 2 தொலைந்தது.

ராத்திரி 11.30: வேகம் 70. ரூட்டர் 1, முதல் படி 14, வெளியே 18. தொலைந்தது 0.

ரூட்டர் எந்த நேரமும் 1. வீட்டுக்குள் குற்றமில்லை. முதல் படி 4-லிருந்து 85 ஆகிறது, கூடியது 81. வெளியே 8-லிருந்து 90, கூடியது 82. முழு வரிசையும் முதல் படிக்குள்ளேயே நிற்கிறது என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

பதினாலு நாளையும் கூட்டி வகுக்க வேண்டாம். ராத்திரி 9 மணி எண்களைச் சிறிசு பெரிசாக வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுக்க வேண்டும். ரொம்ப மோசமான ஒரு ராத்திரியை மட்டும் தூக்கிக் காட்டினால், "அன்னிக்கு ரிப்பேர் வேலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். 12 ராத்திரி 10-க்கும் 31-க்கும் நடுவில், ஒரு ராத்திரி 47, நடு எண் 18 என்றால், பதினாலு நாளும் ரிப்பேர் வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருக்கிறதே? அதுதான் நோட்டிலேயே சுவாரஸ்யமான பக்கம். அன்று 8.40-க்குத் தெருவில் கரண்ட் போய்விட்டது. கம்பெனிப் பெட்டி பேட்டரியில் ஓடியது. கடைக்காரர் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. சரியாக 9 மணிக்கு அளந்தார். 91! தெருவில் முக்கால்வாசி டிவி இருண்டு கிடந்தபோது அவருடைய வேகம் முழுசாக எழுந்துவிட்டது. அதே நூல், அதே ரூட்டர், அதே மணி. மாறியது கூட்டம் மட்டும்தான். கரண்ட் போன ராத்திரியில் அளக்கச் சோம்பல்படக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்!

பக்கத்து வீட்டுச் சாட்சி

ஒரு வீட்டு நோட்டைவிட மூன்று வீட்டு நோட்டுக்கு எடை அதிகம். அதே கம்பெனி, அதே தெருவில் இரண்டு வீடு. நாலு தெரு தள்ளி வேறு பெட்டியில் இருக்கும் ஒரு வீடு. முதல் இரண்டும் 9 மணிக்கு விழுந்து, மூன்றாவது நின்றால், நெரிசல் அந்தப் பெட்டியில். மூன்றும் விழுந்தால் அதற்கும் மேலே. ஒரே தெருக்காரர்கள் ஒரே நொடியில் அளக்காமல் ரெண்டு நிமிஷம் தள்ளி அளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் அளவை இன்னொருவர் அளவே தின்றுவிடும்.

எல்லா மந்தமும் தெருவால் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 20-ந் தேதி ராத்திரி ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்த குமாஸ்தாவுக்குப் பக்கம் திறக்கவில்லை என்றால், அது கடைசி நாள் கூட்டமாக இருக்கலாம். அந்த நேரத்தில் வேகமும் பிங்கும் சரியாக இருந்தால் கேபிள்காரரைத் திட்டி லாபமில்லை.

நோட்டை எங்கே கொடுப்பது?

"நெட் ஸ்லோ" என்று புகார் சொன்னால் மறுபடியும் காலை 11 மணிப் பையன்தான் வருவான். சொல்ல வேண்டிய விதம் வேறு: "பகலில் 93, ராத்திரி 9 மணிக்கு 18. 14 நாள் அளவு இருக்கிறது. ஒயரில் எடுத்தது. முதல் படியிலேயே நேரம் ஏறுகிறது. பெட்டியின் மேல்கம்பி ராத்திரி 9 மணிக்கு எவ்வளவு நிரம்புகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்." இதை எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்க வேண்டும். அளக்க ஆள் வருவதானால் ராத்திரி 8-க்கு மேல் வரச் சொல்ல வேண்டும். பகலில் வந்து "தீர்ந்தது" என்று கையெழுத்துக் கேட்டால் போடக்கூடாது!

பதில் திருப்தி இல்லை என்றால், 2012-ல் வந்த டிராய் விதிகளின்படி கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனி ஆள் புகாரை நேராக விசாரிப்பதில்லை. அங்கே எழுதிப் போட்டுக் காத்திருப்பது வீண்.

ஒப்பந்தத்தில் '100 மெகாபிட் வரை' என்று ஒரு 'வரை' ஒளிந்திருக்கும். 2023-ல் மத்திய அரசு பிராட்பேண்டுக்கு வகுத்த குறைந்தபட்ச வேகம் 2 மெகாபிட்தான். ஆகவே நோட்டைக் காட்டியதும் நஷ்டஈடு கைக்கு வரும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஜெர்மனியில் நிலைமை வேறு. 2021 டிசம்பரிலிருந்து அங்கே அரசாங்க அளவுமானியிலேயே ஒயர் போட்டு, மூன்று நாளில் 30 தடவை அளந்து காட்டினால், மாதக் கட்டணத்தைக் குறைக்கவோ இணைப்பை முறிக்கவோ உரிமை உண்டு. எப்படி அளந்தால் சாட்சி என்று அரசாங்கமே சொல்லிவிட்டதால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. அதே ஏற்பாட்டை இங்கே செய்வதில் டிராய்க்கு என்ன கஷ்டம்? குறைந்தபட்சம், ஒரு பெட்டியில் எத்தனை வீடு, அதன் மேல்கம்பி எத்தனை மெகாபிட் என்பதைப் பில்லில் அச்சடிக்கச் சொல்லலாமே! பஸ்ஸில்கூட எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை பேர் நிற்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கம்பெனிக்கும் இதற்கு வைத்தியம் தெரியும். மேல்கம்பியை 1,000-லிருந்து 10,000-க்கு மாற்றலாம், அல்லது ஒரு வாயில் வீடுகளை இரண்டு வாயிலாகப் பிரிக்கலாம். புது ரூட்டர் கொடுத்தால் இது தீராது. "200 பிளானுக்கு மாறுங்க" என்றாலும் தீராது. அதே நிரம்பிய கம்பியில் கூடுதல் பணத்துக்கு அதே நெரிசல்!

சரி செய்தாகிவிட்டது என்று கம்பெனி சொன்னால், அதே நாலு நேரத்தில் இன்னும் 7 நாள் அளக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்கு முதல் படி 4, 5-க்கு இறங்கியிருந்தால் நிஜமாகவே கம்பி பெரிதாகியிருக்கிறது. இறங்கவில்லை என்றால் பழைய புகார் எண்ணோடு இந்த 7 நாள் பக்கத்தையும் சேர்த்து மேல்முறையீட்டுக்கு அனுப்பலாம். இறங்கியிருந்தாலும் நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதே பெட்டியில் புது இணைப்புகள் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.